ஹைலைட்ஸ் மேல் டார்க் பிரவுன்: முதலில் போன சிவப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்

"என் முடி இயற்கையில் கிட்டத்தட்ட கருப்பு. ஒன்றரை வருஷம் முன்னாடி ஹைலைட்ஸ் போட்டேன், இப்போ அந்தக் கற்றைகள் வைக்கோல் மாதிரி வெளுத்துக் கிடக்கு. ரெண்டு மாசத்தில் கல்யாணம், அதனால் டார்க் பிரவுனுக்குத் திரும்பலாம்னு இருக்கேன். பார்லரில் கேட்டால் முதலில் காப்பர் கலர் போட்டு 'ஃபில்' பண்ணணும், அதுக்குத் தனியா காசு ஆகும்னு சொல்றாங்க. டார்க்காகத்தானே போறேன், நேராக டார்க் பிரவுனைப் பூசினால் ஆகாதா? போயும் போயும் ஆரஞ்சை எதுக்குத் தலையில் பூசணும்?" — ஒரு வாசகி, திருச்சி

பார்லரில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பது போல அந்தக் கற்றைகள் வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தால் ஃபில் செய்யாமல் டார்க் பிரவுன் பூச வேண்டாம். பூசிய அன்று கண்ணாடியில் பார்க்கும்போது ஓரளவு சரியாகத் தெரியலாம். மறுநாள் வெயிலில் நிற்கும்போதுதான் தெரியும், பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை கலந்த சாம்பல் நிறம். நான்கு முறை தலைக்குக் குளித்தால் அந்தப் பிரவுனும் கழன்று அழுக்கான காக்கி நிறம் மிஞ்சும். நான் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒருவருக்கு நானே இதைச் செய்திருக்கிறேன். வெளுத்த ஹைலைட்ஸ் மேல் 4.1, அதாவது ஆஷ் பிரவுன், நேராகப் பூசினேன். அவர் முடி காய்ந்த பிறகு கண்ணாடியைப் பார்த்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிளீச் உங்கள் முடியில் என்ன செய்தது என்று முதலில் பார்ப்போம். முடியில் இரண்டு வகை நிறமிகள் இருக்கின்றன, ஒன்று கருப்பும் பழுப்புமானது, இன்னொன்று சிவப்பும் மஞ்சளுமானது. பிளீச் போட்டால் கருப்புதான் முதலில் கரையும். அதனால் நம் முடி ஒரேயடியாக வெள்ளைக்குப் போகாது, முதலில் செம்பழுப்பு, அப்புறம் செங்காவி, அப்புறம் ஆரஞ்சு, பொன்மஞ்சள், கடைசியில் வெளிர்மஞ்சள் என்று படிப்படியாக இறங்கும். ஃபாயிலைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து எடுக்கும் எல்லாருக்கும் இந்த வரிசை மனப்பாடம். நீங்கள் இப்போது இருப்பது அந்த வரிசையின் கடைசிப் படியில். உங்கள் கற்றைகளில் மஞ்சள் மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, சிவப்பும் ஆரஞ்சும் போய்விட்டன.

இப்போது பிரவுன் என்ற நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனி நிறமே கிடையாது, நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் சேர்ந்தால்தான் பிரவுன். டியூபில் வரும் டார்க் பிரவுனில் மூன்றும் இருக்கும்தான். ஆனால் அந்தக் கலவை நிறமி நிறைந்த சாதாரண முடியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. முடியின் உள்ளிருந்து வெளிவரும் சிவப்பையும் ஆரஞ்சையும் அடக்க வேண்டும் என்பதற்காகவே அதில் குளிர்ந்த பக்கம், அதாவது நீலமும் பச்சையும், தூக்கலாக இருக்கும். உங்கள் கற்றையில் அடக்குவதற்கு எந்தச் சிவப்பும் இல்லை. மிச்சமிருக்கும் மஞ்சளோடு அந்த நீலம் போய்ச் சேருகிறது. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். ஆஷ் என்று பெயருள்ள ஷேட்களில் இது இன்னும் மோசம்.

இதை நம் வீடுகளில் வேறு வழியில் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். நரைக்கு அவுரி போடுகிறவர்கள் முதலில் மருதாணி போட்டு அலசிவிட்டு அப்புறம்தான் அவுரியைப் பூசுவார்கள். வெள்ளை முடியில் அவுரியை மட்டும் பூசினால் நீலமும் பச்சையுமாக ஒரு நிறம் வரும். மருதாணி தரும் செம்மஞ்சள் அடியில் இருந்தால்தான் அவுரியின் நீலம் அதன் மேல் உட்கார்ந்து பழுப்பாகவும் கருப்பாகவும் மாறும். உங்கள் பார்லர் சொல்லும் காப்பர் அந்த மருதாணியின் வேலையைத்தான் செய்யப் போகிறது. டார்க் பிரவுன் வந்து அதன் மேல் அமர்ந்ததும் அந்த ஆரஞ்சு தனியாகத் தெரியாது. "ஆரஞ்சு வேண்டாம்" என்பது முடியை வெளுக்க வைக்கும்போது சொல்வது, நீங்கள் போவது எதிர்த்திசையில்.

(இதைப் படித்துவிட்டு வீட்டில் மருதாணியையே ஃபில்லராகப் போட்டுவிடலாமே என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். மருதாணியின் நிறம் எவ்வளவு ஏறும் என்பது நம் கையில் இல்லை, ஏறியபின் எடுக்கவும் முடியாது. பாக்கெட்டில் வருவதில் மருதாணி இலை தவிர என்னென்ன கலந்திருக்கிறது என்பதும் நிச்சயமில்லை. உலோக உப்பு கலந்த பொடி முடியில் இருக்கும்போது, சாயத்தோடு கலக்கும் பெராக்சைடான டெவலப்பர் பட்டால் முடி சூடாகிக் கருகிப்போகவும் கூடும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இதில் கை வைக்காதீர்கள்.)

நிறம் பச்சையாகப் போவது ஒரு பக்கம். இன்னொரு குறை உண்டு, அதற்கு நாங்கள் 'உள்ளே ஒன்றுமில்லாத கலர்' என்போம். வெளுத்த முடி உள்ளே ஓட்டையும் துவாரமுமாக இருக்கும், சாயத்தை வேகமாகக் குடிக்கும், அதே வேகத்தில் விட்டுவிடும். அடியில் எந்த நிறமியும் இல்லாமல் மேலே பூசிய டார்க் கலர் தூரத்தில் இருந்து பார்த்தால் கருப்பாகத் தெரியும், ஆனால் ஒரு கற்றையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவிக்கொண்டு வரும், மங்கலாக, பளபளப்பே இல்லாமல், கரித்தூள் தடவின மாதிரி இருக்கும். பக்கத்தில் இருக்கும் உங்கள் சொந்த முடிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் போட்டோவில் தெளிவாக விழும், அதிலும் ஃபிளாஷ் போட்டு எடுக்கும் கல்யாணப் போட்டோவில்.

எல்லா ஹைலைட்ஸுக்கும் ஃபில் தேவையா என்றால், இல்லை. முடியின் கருமையை 1 முதல் 10 வரை லெவலாக எண்ணுகிறோம், 1 கருப்பு, 10 மிக வெளிறியது. இப்போது இருக்கும் லெவலுக்கும் போக வேண்டிய லெவலுக்கும் இரண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபில் செய்வது வழக்கம். கேரமல் ஹைலைட்ஸ், லெவல் 7-ல் இன்னும் ஆரஞ்சாக இருக்கிறது, 5-க்குப் போக வேண்டும் என்று ஒருவர் வந்தால் நான் ஃபில் செய்ய மாட்டேன், காசும் வாங்க மாட்டேன். வேண்டிய ஆரஞ்சு முடியிலேயே இருக்கிறது. கோல்டு கலந்த 5.3 மாதிரி ஒன்றை ஒரே தடவையில் பூசினால் போதும். உங்களுடையது வைக்கோல் நிறம் என்கிறீர்கள், அப்படியானால் 9 ஆக இருக்கும். அங்கிருந்து 5 அல்லது 4 என்பது பெரிய இறக்கம்.

சரி, எப்படிச் செய்வது என்பதை ஒருவருக்கு நான் செய்ததை வைத்தே சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு ரொம்பவே ஒத்துப்போகிறது. அவருக்கு வேர்ப்பக்கம் சொந்த முடி லெவல் 3, ஹைலைட்ஸ் நடுவில் 8, நுனியில் 9-ஐத் தாண்டி. தன் சொந்த முடியோடு சேர்ந்துபோகும் டார்க் பிரவுன் கேட்டார்.

முதலில் கண்டிஷனர் இல்லாமல், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கிளாரிஃபையிங் ஷாம்பூவால் அலசிக் காயவைத்தேன். நம்மூர்த் தலையில் இதை விட்டுவிடக் கூடாது, தேங்காய் எண்ணெயும் சீரமும் படிந்திருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அப்புறம் காதுக்குப் பின்னால் வெளியே தெரியாத இடத்தில் இரண்டு மெல்லிய கற்றைகளைப் பிரித்தேன். ஒன்றில் நேராக டார்க் பிரவுன், இன்னொன்றில் ஃபில் செய்துவிட்டு அதே டார்க் பிரவுன். இரண்டையும் நன்றாகக் காயவைத்து, கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்குக் கூட்டிப்போய் பகல் வெளிச்சத்தில் காட்டினேன். முதல் கற்றை தண்ணீர்த் தொட்டிப் பாசி மாதிரி, இரண்டாவது டிகாக்‌ஷன் நிறம். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் விளக்கவேண்டி வரவில்லை. நீங்களும் உங்கள் பார்லரில் இந்த இரண்டு கற்றை டெஸ்ட்டைக் கேளுங்கள், கூடுதல் காசு எதற்கு என்ற கேள்விக்கு உங்கள் தலையே பதில் சொல்லிவிடும்.

ஃபில்லரில் எந்த நிறம் என்பது போக வேண்டிய லெவலைப் பொறுத்தது. பிளீச் வரிசையைத் திருப்பிப் படித்தால் போதும். லெவல் 7-க்குப் போக வேண்டும் என்றால் அங்கே இயற்கையில் அடியில் இருப்பது பொன்மஞ்சளும் ஆரஞ்சும், அதனால் கோல்டு. 5, 6 என்றால் காப்பர். 4-க்குக் கீழே என்றால் காப்பரோடு சிவப்பு. அவருக்கு நடுப்பகுதியில் 6.4, அதாவது காப்பர் மட்டும் போட்டேன், அங்கே மஞ்சள் ஏற்கெனவே இருந்தது, இல்லாதது ஆரஞ்சும் சிவப்பும்தான். நுனியில் மஞ்சளும் கிட்டத்தட்டப் போய்விட்டிருந்ததால் 6.4-ம் கோல்டான 6.3-ம் பாதிப்பாதி. ஃபில்லரை எப்போதும் போக வேண்டிய நிறத்தைவிட ஒரு லெவல் வெளிச்சமாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஃபில்லரும் தன் பங்குக்குக் கருமையைச் சேர்க்கும்.

இந்த எண்களை எழுதிக்கொண்டு போய்க் கடையில் கேட்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லோரியலில் 4 என்றால் காப்பர், வெல்லாவில் 4 என்றால் சிவப்பு. அதனால் எண்ணைவிட டப்பாவில் போட்டிருக்கும் நிறத்தின் பெயரையும் ஷேட் கார்டையும் பார்ப்பதே நல்லது.

இங்கே நிரந்தரமாக நிற்காமல் மெல்ல மங்கும் டெமி பெர்மனென்ட் கலரும் பலம் குறைந்த டெவலப்பரும்தான், அதன் பலத்தை வால்யூம் என்று எண்ணுகிறோம், 10 வால்யூமுக்கு மேல் வேண்டாம். இது ஹைலைட்ஸ் என்பதால் இந்த விஷயம் ரொம்ப முக்கியம். முழுத்தலையும் வெளுத்திருந்தால் எங்கே பூசுவது என்ற கேள்வியே இல்லை. ஹைலைட்ஸில் வெளுத்த இழையும் கருப்பு இழையும் பின்னிக் கிடக்கின்றன. பலர் வெளுத்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப் பார்த்து அரை நாளைத் தொலைப்பார்கள். டெமியும் 10 வால்யூமும் என்றால் அவ்வளவு தேவையில்லை, பிரஷ்ஷால் கற்றை கற்றையாகப் பூசும்போது சொந்தக் கருப்பு முடியில் கொஞ்சம் பட்டாலும் லெவல் 3 முடியில் லெவல் 6 காப்பர் கண்ணுக்கே தெரியாது. அதே இடத்தில் பெர்மனென்ட் கலரையும் 20 வால்யூமையும் போட்டால் அது சொந்த முடியைத் தூக்கிச் செம்பட்டையாக்கிவிடும், நீங்கள் மறைக்க வந்த கோடுகளுக்குப் பக்கத்தில் புதுக் கோடுகள் விழும். டெமியே போட்டாலும் வேர்ப்பக்கம் சொந்த முடியில் வேண்டுமென்றே பூசக் கூடாது, ஹைலைட் தொடங்கும் இடத்திலிருந்துதான்.

அவருக்கு ஃபில்லரை 20 நிமிடம் வைத்தேன். நேரமும் கலக்கும் விகிதமும் அந்தந்தக் கம்பெனி சொன்னபடி. பிறகு வெறும் தண்ணீரில் அலசினேன், ஷாம்பூ இல்லை, கண்டிஷனரும் இல்லை. இந்தக் கட்டத்தில் தலையைப் பார்த்தால் புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், அந்த நிறம் நுனிவரை சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எங்காவது இன்னும் வெளிறித் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் ஃபில்லரை மறுபடி தடவவேண்டும், இங்கே திட்டாக இருப்பது கடைசியிலும் திட்டாகவே நிற்கும்.

துண்டால் ஒற்றி, முக்கால்வாசி காயவைத்து, அதன் மேல் டார்க் பிரவுன். அவர் கேட்ட நிறத்துக்கு ஷேட் கார்டில் 4 என்று இருந்தாலும் நான் எடுத்தது 5.0. துவாரமான முடி கார்டில் காட்டுவதைவிடக் கருப்பாகவே எடுக்கும், ஃபில்லரின் கருமை வேறு அடியில் இருக்கிறது. 4 போட்டிருந்தால் நுனி மைக்கருப்பாகப் போயிருக்கும், அதை மறுபடி வெளுக்க வைப்பது முடிக்கு இன்னொரு தண்டனை. கருப்பு போதவில்லை என்றால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மேல் கலரும் டெமிதான், அதே 10 வால்யூம். நடுப்பகுதியில் முதலில் பூசி, நுனிக்குக் கடைசிப் 10 நிமிடம் மட்டும். அவ்வப்போது ஒரு கற்றையைத் துண்டால் துடைத்துப் பார்த்தேன், கலவை மேலே இருக்கும்போது தெரியும் நிறத்தை நம்பவே கூடாது. 20 நிமிடத்தில் அலசினேன். காய்ந்தபோது சொந்த முடிக்கும் கற்றைக்கும் இடையே அரை லெவல் வித்தியாசம் இருந்தது, அந்த வித்தியாசம் இருப்பதுதான் தலையில் ஒரு அசைவைக் கொடுக்கிறது, ஒரே பூச்சாகப் பூசிய பொம்மை முடி மாதிரி தெரியாமல்.

இதில் எங்கே தப்பும் என்றால், இரண்டு இடம். ஃபில்லர் அதிகமாகப் போய்விட்டாலோ மேல் கலர் ரொம்ப வெளிச்சமாக இருந்தாலோ வெயிலில் செம்பு மின்னும். அதைச் சரி செய்வது சுலபம், அதே பிரவுன் ஷேடில் துளி ஆஷ் கலந்து 5 நிமிடம் கழுவுவது போல் ஓட்டினால் அடங்கிவிடும். இப்போது ஆஷுக்கு அடக்க ஒரு சிவப்பு இருக்கிறது, அதனால் பச்சைக்குப் போகாது. எதிர்ப்பக்கமாக, ஏற்கெனவே யாரோ நேராகப் பூசிப் பச்சையாகிவிட்ட தலை என்றால் அதன் மேல் இன்னும் டார்க்காக எதையும் அடிக்காதீர்கள், கருப்புப் பச்சைதான் கிடைக்கும். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு. சிவப்பும் காப்பரும் கலந்த ஒரு டெமியை, இப்போதுள்ள லெவலிலேயோ ஒரு லெவல் வெளிச்சமாகவோ, பார்த்துப் பார்த்துக் குறைந்த நேரம் வைத்தால் பழுப்புக்குத் திரும்பும்.

வீட்டில் செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்த நினைப்பு இருந்தால் சொல்லிவிடுகிறேன். தலையில் நாலைந்து கற்றைதான், முன்பக்கம் மட்டும் என்றால் பொறுமையுள்ளவர்கள் செய்யலாம். தலை முழுக்க என்றால் பின்பக்கத்தில் ஃபில்லர் சீராக ஏறியதா என்று தன் தலையைத் தானே பார்க்க முடியாது. சூப்பர் மார்க்கெட் பெட்டியில் வரும் கருப்பு, டார்க் பிரவுன் பெர்மனென்ட் டையை இதன் மேல் போடவே வேண்டாம்.

எங்கே செய்தாலும் 48 மணி நேரம் முன்னதாகக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ அலர்ஜி டெஸ்ட் செய்யுங்கள். டெமி என்றால் பாதுகாப்பு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது, அதிலும் அலர்ஜி தரக்கூடிய பிபிடி என்ற சாயப்பொருள் அல்லது அதன் குடும்பத்துச் சாயங்கள் உண்டு. உங்களுக்கு ஒரே நாளில் இரண்டு சாயம் படப்போகிறது, இரண்டையுமே டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எப்போதாவது 'கருப்பு மருதாணி' கையில் போட்டு அரித்துக் கொப்புளித்திருந்தால் அதைப் பார்லரில் கட்டாயம் சொல்லுங்கள், அந்தக் கருப்புக்குப் பெரும்பாலும் காரணம் பிபிடிதான். அப்படி ஒன்று நடந்திருந்தால் தோல் மருத்துவரைப் பார்க்காமல் கலரே வேண்டாம்.

பார்லரில் கேட்க வேண்டியவை: ஃபில்லர் என்ன லெவல், என்ன நிறம்? டெவலப்பர் எத்தனை வால்யூம்? மேல் கலரில் ஆஷ் இருக்கிறதா? ஃபில்லர் 6 அல்லது 7 காப்பர், டெவலப்பர் 10-க்குள், ஆஷ் இல்லை என்று பதில் வந்தால் நிம்மதியாக உட்காருங்கள். "ஃபில்லரும் கலரும் சேர்த்து ஒரே தடவையில் 20 வால்யூமில் அடித்துவிடலாம்" என்று சொன்னால் உங்கள் அளவுக்கு வெளுத்த முடிக்கு அது போதாது, வேறு இடம் பாருங்கள்.

தேதி விஷயத்தில், கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்பு இதைச் செய்துவிடுங்கள். ஃபில் செய்தாலும் வெளுத்த முடி முதல் மாதத்தில் கொஞ்சம் கலரை விடத்தான் செய்யும், அதிலும் போர் தண்ணீரில் குளித்தால் சீக்கிரம் மங்கும், முடிந்தால் கடைசியாக ஊற்றும் இரண்டு செம்பாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். கலர் போட்டபின் இரண்டு நாள் ஷாம்பூ வேண்டாம். நுனி மங்கும்போது பச்சைக்குப் போகாமல் இளம் பழுப்பாக மங்கினால் ஃபில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதே 5.0-ல் கொஞ்சம் 5.3 கலந்து நுனிக்கு மட்டும் 10 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தடவை ஃபில்லர் தேவைப்படாது, அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.